ஆறுகால் நீலம்

என் புருஷன் சந்திரமோகனுக்குக் கல்லைப் பற்றி எல்லாம் தெரியும். தெரியாதது என்று ஒன்று இருப்பது மட்டும்தான் அவருக்குத் தெரியாது.

காங்கேயம் பக்கம் போய்க் கற்களை வாங்கி வருவார். அரூரில் எங்கள் வீட்டு முன்னறையில் சாணை போட்டு நான் தீட்டிக் கொடுப்பேன். என் பிறந்த ஊர் திருச்சி. அங்கே செயற்கைக் கல்லுக்குப் பட்டை போடுவது தெருவுக்குத் தெரு நடந்த வேலை. நான் தாவணி போடும் முன்பே சாணையில் உட்கார்ந்தவள். ஆனால் கல் வாங்க வருகிறவர்களிடம் "நம்ம ஆள் ஒருத்தர் தீட்டுறாரு" என்றுதான் அவர் சொல்வார். அந்த ஆள் உள்ளே அவர்களுக்குக் காபி போட்டுக்கொண்டிருப்பாள்.

போன ஆடியில் ஒரு நீலக்கல் கொண்டுவந்தார். நீலம் என்று பெயர்தான், பார்க்கச் சாம்பல் நிறம். உள்ளே புகை அடைத்தது போல் மங்கல். "ஏமாந்துட்டேனா பாரதி?" என்றார். நான் ஒரு பக்கத்தை லேசாகத் தேய்த்து, அதன்மேல் ஒரு சொட்டு விளக்கெண்ணெய் விட்டேன். ட்யூப்லைட்டை அணைத்துவிட்டு டார்ச்சை நேர் மேலே பிடித்தேன். எண்ணெய்ச் சொட்டுக்குள் மூன்று கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு நின்றன. ஆறு கால். டார்ச்சை நகர்த்தினால் நட்சத்திரமும் கூடவே நகர்ந்தது. 

அந்த மங்கல்தான் விஷயம். கல்லுக்குள் கண்ணுக்குத் தெரியாத ஊசிகள் பட்டு நூல் மாதிரி அடுக்கியிருக்கும், தொழிலில் பட்டு என்றே சொல்வோம். ஒரே திசையில் படுத்திருந்தால் வெளிச்சம் அவற்றுக்குக் குறுக்கே ஒரே கோடாக விழும், வைடூரியத்தில் பூனைக்கண் விழுவது அப்படித்தான். நீலத்தில் ஊசிகள் மூன்று திசையில் படுப்பதால் மூன்று கோடு. பட்டை போட்டால் எதுவும் தெரியாது. மேலே முட்டை முதுகு போல வழவழவென்று குவிக்க வேண்டும். அடிப்பாகம் ஊசிகள் படுத்திருக்கும் தளத்துக்கு இணையாக அமைய வேண்டும். கொஞ்சம் சாய்ந்தாலும் நட்சத்திரம் உச்சியிலிருந்து இறங்கி ஓரத்துக்குப் போய்விடும்.

அன்றைக்குத்தான் அவர் அந்த வாக்கைக் கொடுத்தார். "சேலம் மாதவராஜ் அண்ணன் நட்சத்திரக் கல்லுக்கு அலையறாரு. இதை நீ தீட்டினதுன்னு சொல்லியே காட்டறேன். அவருக்குப் புடிச்சுப்போச்சுன்னா அவரு கடைக் கல்லெல்லாம் உன் கைக்குத்தான் வரும்." கல்யாணமாகிப் பதினொரு வருஷத்தில் என் பெயரை வெளியே சொல்கிறேன் என்று அவர் சொன்னது அதுதான் முதல் தடவை. நம்பினேன்.

அடியில் ஒரு சில்லை மெல்லியதாக அறுத்து எடுத்துத் தளம் கட்டினேன். கல்லை அரக்கில் ஒட்டி, மேலே குவித்து, ஒவ்வொரு சுற்றுக்கும் எண்ணெய் வைத்துப் பார்த்தேன். கால்கள் ஆறும் நேராக, விளிம்பு வரை அறுபடாமல், உச்சியில் சந்தித்தன. மினுக்குப் போடுவது மட்டும் பாக்கி. அப்போது என் அண்ணன் மகளுக்குக் காதுகுத்து வந்தது. திருச்சிக்குப் போனேன்.

திரும்பி வந்தால் வாசலிலேயே சிரிப்போடு நின்றார். "கண்ணை மூடு" என்று உள்ளங்கையில் எதையோ வைத்தார். பார்த்தேன். நான் குவித்த அதே வடிவம். ஆனால் நீலம், கழுவிவிட்டது போல் தெளிந்த நீலம்.

"என்னங்க பண்ணினீங்க?"

"சூளைக்குக் குடுத்தேன். நல்ல நட்சத்திரக் கல்லுன்னா கோடும் தெளிவா இருக்கணும், நெறமும் அடர்த்தியா இருக்கணும்னு நீதானே சொன்னே? கோடு இருந்துச்சு. நெறத்தையும் வாங்கிட்டு வந்துட்டேன்."

நான்தான் சொன்னேன், அது நிஜம். அந்த நிறம் கல்லோடு பிறந்திருக்க வேண்டும் என்று சொல்லாமல் விட்டேனாம்.

இரும்பே உருகுகிற சூட்டுக்கும் மேலே போகும் அந்தச் சூளை. அந்தச் சூட்டில் ஊசிகள் கல்லுக்குள்ளேயே கரைந்துவிடும். கரைந்ததுதான் நீலமாக வந்திருக்கிறது. எண்ணெய் வைத்தேன், டார்ச் பிடித்தேன். வெளிச்சம் கல்லுக்குள் புகுந்து அந்தப் பக்கம் போய்விட்டது. தடுத்துத் திருப்ப உள்ளே ஒன்றுமில்லை. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காகக்கூட முடியவில்லை, வெறும் களிமண்தான் மிச்சம்.

சொன்னேன். அவர் முகம் செத்துப்போனது. கொஞ்ச நேரம்தான். "மினுக்குப் போடு, வந்துரும்" என்றார். போட்டேன். வரவில்லை.

மாதவராஜ் அண்ணன் சொன்னபடி வந்தார். பொறுமையான மனிதர். ஜன்னலோரம் வெயில் விழும் இடத்துக்கே கல்லைக் கொண்டுபோனார், டார்ச்சின் பளபளப்பை அவர் நம்புகிறவரில்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சந்திரா, போன்ல அனுப்பின வீடியோல ஆறு கால் இருந்துச்சே. இதுல ஒண்ணுங்காணோம்."

நான் காபித் தட்டோடு நின்றேன். என் புருஷன் என்னைப் பார்க்காமலேயே சொன்னார். "இவதாங்கண்ணா தீட்டினா. கொஞ்சம் அதிகமா அரைச்சுட்டா. பட்டு இருந்த பாகம் போயிருச்சு."

வாக்குத் தவறாதவர். தீட்டியது நான்தான் என்று சொல்லியே விட்டார்.

"சூடு காட்டாத கல்லுதானே?"

"சத்தியமாங்கண்ணா."

தட்டைக் கீழே வைத்தேன். உள்ளே போய், அடியில் அறுத்தெடுத்த சில்லை எடுத்து வந்தேன். தாலி கட்டினவரை அடுத்தவர் முன்னால் காட்டிக்கொடுக்கிறோம் என்று தெரிந்தேதான் எடுத்து வந்தேன். 

"அண்ணா, இது இதே கல்லோட அடிச் சில்லுங்க. வச்சுப் பாருங்க, விளிம்பு பொருந்தும்." பொருந்தியது. சில்லின்மேல் எண்ணெய்ச் சொட்டு விட்டேன். அவர் வெயிலில் பிடித்தார். ஆறு கால் நின்றது. "இது சாம்பல். அது நீலம். எவ்வளவு அரைச்சாலும் சாம்பல் கல்லு நீலமாவாதுங்கண்ணா."

அவர் ரொம்ப நேரம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அப்புறம் இரண்டையும் மேஜைமேல் வைத்துவிட்டு என் புருஷனிடம், "சூடு காட்டினது தப்பில்ல, சந்திரா. ஊரே காட்டுது. சத்தியம் பண்ணினே பாரு" என்றார். எழுந்து செருப்பை மாட்டினார்.

வாசலில் என்னிடம் நின்றார். "நல்ல கைம்மா உனக்கு. உன்கிட்டக் கல்லு குடுக்கலாம்னுதான் வந்தேன். ஆனா இந்த வூட்டுக்குள்ள வர்ற கல்லு எப்படித் திரும்பி வருமோன்னு பயந்துக்கிட்டு நான் யாவாரம் பண்ண முடியாது. மனசுல வச்சுக்காதே."

நான் ஜெயித்தேன். ஜெயித்து, சேலத்திலிருந்து வரவிருந்த வேலை அத்தனையும் அவரோடு படியிறங்கிப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"நீ பேசாம இருந்திருக்கலாம்" என்றார் என் புருஷன். "உன் பேரு போனா யாருக்குத் தெரியும்? என் பேரு போனா யாவாரமே போச்சு."

 சாணையில் உட்கார்ந்தேன். அந்தச் சில்லு ஒரு பக்கம் கனமாகவும் ஒரு பக்கம் மெலிந்தும் இருந்தது. எப்படிக் குவித்தாலும் நட்சத்திரம் உச்சிக்கு வராது என்று தெரியும். இருந்தும் குவித்தேன், மினுக்கினேன், வெள்ளியில் மோதிரம் கட்டச் சொல்லி விரலில் போட்டுக்கொண்டேன். விற்றால் யாரும் வாங்கமாட்டார்கள்.

போன வாரம் வாசலில் அரிசி புடைக்கும்போது வெயில் பட்டு அது மின்னியது. அவர் குனிந்து பார்த்தார். கல்லைப் பற்றி எல்லாம் தெரிந்தவர் அல்லவா.

"என்ன பாரதி, நட்சத்திரம் ஓரமா நிக்குது. நடுவுல வரலியா?"

"நடுவுல இருந்ததைத்தான் எரிச்சுட்டீங்களே" என்றேன். முறத்தைத் தட்டினேன்.