தரைத்தளத்துக்காரியின் லிஃப்ட்

குடியிருப்புச் சங்கச் செயலாளருக்கு ‘மைக்’ என்று பட்டப்பெயர். கையில் வாங்கினால் விடமாட்டார். பத்து வருடங்களுக்கு முன், மொட்டை மாடிக் கூட்டத்தில் அதை அவர் பிடித்துக்கொண்டு சொன்னார்: "புது லிஃப்ட் பன்னிரண்டு லட்சம். இருபது வீடு. மாசம் ஐந்நூறு போட்டா பத்து வருஷத்துல ரெடி!"

பொருளாளர் எழுந்தாள். "சார், அது இன்னைக்கு விலை. வருஷம் ஆறு சதவீதம் ஏறினாலே பத்து வருஷத்துல இருபத்தொன்றரை லட்சம் ஆயிடும். நம்ம நடப்புக் கணக்குல வட்டியும் கிடையாது. மாசம் தொள்ளாயிரமாவது போடணும்."

"ஏம்மா, தரைத்தளத்துல இருக்கிற உங்களுக்கு லிஃப்டைப் பத்தி என்ன கவலை? பறந்து போகப் போறீங்களா?"

மாடியே சிரித்தது. அடுத்த வாரம் பதவியும் போனது.

அன்றிலிருந்து அவள் வாயைத் திறக்கவில்லை. சங்கத்துக்கு ஐந்நூறு; தன் வங்கிக் கணக்கில் தனியாக நானூறு. தன் கணக்கே தப்போ என்ற சந்தேகம் அவளை அரித்தது. அதனால் வருடாவருடம் லிஃப்ட் கம்பெனிக்குப் போன் போட்டு விலை கேட்பாள். ஏறியிருக்கும். அன்று மட்டும் காப்பியில் ஒரு கரண்டி சர்க்கரை கூடும். மூன்றாம் மாடிக்காரி கைக்குழந்தையுடன் வரும்போது, விலை ஏறுவதைச் சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனி வரை வரும். உடனே அந்தச் சிரிப்பு காதில் விழும். விழுங்கிவிடுவாள்.

பத்தாம் வருடம் லிஃப்ட் நின்றேவிட்டது. சங்கத்தில் இருந்தது பன்னிரண்டு லட்சம். கம்பெனி கேட்டது இருபத்தொன்றரை. வீட்டுக்கு நாற்பத்தேழாயிரத்து ஐந்நூறு என்றதும் ஐந்து மாடிகளும் செயலாளரைத் திட்டின. அவள் மட்டும் அன்றே தன் பங்கைக் கட்டினாள். வட்டியைச் சேர்க்காமலே ஐந்நூறு மிச்சம்.

மறுநாள் ஐந்தாம் மாடியிலிருந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்த மைக், அவள் வாசலில் மூச்சிரைக்க உட்கார்ந்தார்.

"நீங்க அன்னைக்கே சொன்னீங்கம்மா."

"எனக்கு லிஃப்டைப் பத்தி என்ன சார் தெரியும்? நான் தரைத்தளம்."

"குத்தாதீங்க. கணக்கை மறுபடி நீங்களே பாருங்க."

"பாக்குறேன். அடுத்த லிஃப்டுக்கு இலக்கு முப்பத்தெட்டரை லட்சம். மாசம் ஆயிரத்து அறுநூத்துச் சொச்சம். வருஷாவருஷம் புது விலை கேட்டு இலக்கைத் திருத்தணும். ஏன்னு கூட்டத்துல நீங்களே விளக்கணும். மைக்ல."

"சரிம்மா. இங்கேயே கீழ வெச்சுக்கலாமே?"

"கூட்டம் எப்பவும் மொட்டை மாடியிலதானே, சார்?"

ஞாயிற்றுக்கிழமை அவர் படியேறினார். ஒவ்வொரு மாடியிலும் நின்றார். அவள் அவரை முந்தவே இல்லை. மைக்கைக் கையில் ஏந்தியபடி, இரண்டு படி பின்னால், நிதானமாக ஏறினாள்.