பொங்கலுக்குப் பதில் தீபாவளி

சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் ஓர் அலுவலகத்தில், கணினி எழுதும் தமிழைப் படித்து மதிப்பெண் போடுவது ஸ்ரீதேவியின் வேலை. ஒரு குடும்பத்தின் பொங்கல் காலையை எழுதச் சொன்னதற்குக் கணினி இப்படி எழுதியிருந்தது: "பொங்கல், பாரம்பரியமும் பாசமும் சங்கமிக்கும் வண்ணமயமான திருநாள். உறவுகள் ஒன்றுகூடி, அறுசுவை உணவுடன் மகிழ்ச்சியைப் பகிர்கின்றனர்."

ஐந்துக்கு ஒன்று போட்டாள். மேற்பார்வையாளர் வாசுதேவன் வந்தார்.

"இன்னாம்மா, ஒரு பிழைகூட இல்லியே? நாலு மார்க்காவது போடு."

ஸ்ரீதேவிக்குக் கோபம் பொங்கியது. பொங்கல் என்ற சொல்லை அழித்துத் தீபாவளி என்று அடித்தாள்.

"இப்போ படிங்க சார். எங்கனா இடிக்குதா? இது வூடா, இல்ல டூரிஸ்ட் நோட்டீஸா?"

அவர் இரண்டு முறை படித்தார். எங்கேயும் இடிக்கவில்லை.

"சரி, ஒண்ணே இருக்கட்டும். ஆனா காரணத்தை வெவரமா எழுது."

பழைய சொல்லைத் திரும்ப வைத்துவிட்டு அவள் எழுதினாள்: "இதில் ஒரு வீடும் இல்லை. கல்பாக்கம் குவார்ட்டர்ஸில் ஒரு பொங்கலன்று எங்கள் பால்கனி அடுப்பு கடல்காற்றில் மூன்று முறை அணைந்தது. காற்றை மறைக்கத் தம்பி ஓர் அட்டைப்பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றான். அப்பா ஷிப்ட் பஸ்ஸுக்கு ஓடியதால் பால் பொங்கியதைப் பார்க்கவில்லை."

அனுப்பிய பிறகும் அந்த 'வண்ணமயமான திருநாள்' மேல் அவளுக்குக் கோபம் தணியவில்லை.