மறைக்காமல் விட்ட பத்தி

அந்தச் சரக்கு நிறுவனத்தில் அவளை எல்லோரும் பூட்டக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். ஊழியர்கள் இரண்டாயிரத்து நானூறு பேரின் விவரங்கள் அடங்கிய தரவுத்தளம் அவள் பொறுப்பில் இருந்தது. யார் எதைப் பார்க்கலாம், யார் பார்க்கக் கூடாது என்பதை முடிவு செய்கிற கை அவளுடையது. பதினான்கு வருடங்களாக அவளிடமிருந்து ஒரு தகவல்கூடக் கசிந்ததில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

கிடங்குப் பிரிவில் அறுபது பேரைக் குறைக்க வேண்டும் என்று மேலிடத்தில் முடிவானபோது இயக்குநர் அவளையும் குருவியையும் ஒன்றாகக் கூப்பிட்டனுப்பினார். குருவி என்பது தரவு ஆய்வாளராக இருந்த பெண்ணின் பட்டப்பெயர். சின்ன உருவம், படபடவென்று பேச்சு, வேலையில் கெட்டி. யாரை அனுப்புவது என்பதற்கு அவள் ஒரு சூத்திரம் எழுத வேண்டும். சூத்திரம் போடுகிற மதிப்பெண்ணில் கடைசி அறுபது இடத்தில் யார் வருகிறார்களோ அவர்கள் வெளியே. மேற்பார்வையாளர்கள் வேண்டியவன் வேண்டாதவன் பார்த்தார்கள் என்ற பேச்சே வரக் கூடாது.

குருவி தயங்கினாள். அவள் கணவனே அந்தக் கிடங்கில்தான் ஷிப்ட் பொறுப்பாளராக இருந்தான்.

"உனக்குத்தான் பேரே தெரியப் போறதில்லையேம்மா. அப்புறம் என்ன?" என்றார் இயக்குநர்.

அந்தப் பேரை மறைக்கிற வேலைதான் பூட்டக்காவுக்கு வந்தது. ஊழியர் அட்டவணையில் குருவிக்கு இருந்த அனுமதியை அடியோடு எடுத்துவிட்டு, அதன் மேல் ஒரு வியூ எழுதினாள். வியூ என்பது நகல் இல்லை. எழுதி வைத்த ஒரு கேள்விதான். கேட்கும்போதெல்லாம் அசல் அட்டவணையிலிருந்து, மேலிருந்து கீழாக ஓடும் பத்திகளில் அனுமதித்தவற்றை மட்டும் எடுத்துக் காட்டும். பெயர், அடையாள எண், வங்கிக் கணக்கு, தொலைபேசி, சம்பளம் எல்லாம் போயிற்று. ஊழியர் எண்ணுக்குப் பதிலாக அர்த்தமில்லாத ஒரு குறியீடு. எந்தக் குறியீடு எந்த ஆள் என்கிற பட்டியல் பூட்டக்காவிடம் மட்டும். குருவியோ வேறு யாரோ எப்போது என்ன கேள்வி கேட்டாலும் அது நேரத்தோடு பதிவேட்டில் விழும்படியும் செய்து வைத்தாள்.

முதல் வாரமே உரசல் வந்தது. வயதைப் பத்து வருடப் பிரிவாகத்தான் தருவேன் என்று பூட்டக்கா சொல்ல, சரியான வயது இல்லாமல் சூத்திரம் ஓடாது என்று குருவி இயக்குநரிடம் போய்விட்டாள். எல்லாவற்றையும் பூட்டி வைத்துக்கொண்டு வேலையைக் கெடுக்கிறார்கள் என்று மூன்று பேர் எதிரில் சொன்னாளாம். இயக்குநர் தொலைபேசியில் கடிந்துகொண்டார். பூட்டக்காவுக்கு முகம் சுண்டிப்போயிற்று. வயதைக் கணக்கிட்டுக் கொடுத்திருக்கலாம். அது இரண்டு நிமிட வேலை. அந்த எரிச்சலில், கேட்டதை எடுத்துக்கொள் என்று பிறந்த தேதிப் பத்தியை அப்படியே வியூவில் திறந்துவிட்டாள்.

பிறகு இருவரும் சமாதானமானார்கள். மதிய உணவு மேசையில் குருவி தன் வீட்டுக் கதைகளைச் சொல்லிச் சிரிக்க வைப்பாள். கல்யாணமாகி ஒன்பது வருடமாயிற்று. கணவன் சம்பளம் எவ்வளவு என்று இன்னும் அவளுக்குத் தெரியாது. அவளுடைய சம்பளம் மட்டும் முதல் தேதியே அவன் கைக்குப் போய்விடும். "வீட்லயும் எனக்கு வியூதான்க்கா" என்பாள். அவளை வேலையை விடச் சொல்லிக்கொண்டிருக்கிறானாம். ஒருத்தர் சம்பளம் போதும், வீட்டில் இரு என்று மாமியாரும் ஒத்து ஊதுகிறாளாம். இதையும் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

முதல் பட்டியல் வந்தது. குறியீடுகளைப் பெயர்களோடு சேர்த்து மனிதவளப் பிரிவுக்கு அனுப்ப வேண்டியது கடைசிப் பட்டியல் வந்த பிறகுதான். ஆனாலும் பூட்டக்காவுக்குக் கை சும்மா இருக்கவில்லை. சேர்த்துப் பார்த்தாள். குருவியின் கணவன் அதில் இல்லை. நல்லவேளை என்று நினைத்துக்கொண்டாள்.

இரண்டு நாள் கழித்துக் குருவி ஒரு கோரிக்கை அனுப்பினாள். விடுப்பு நாட்களின் எண்ணிக்கையையும் வியூவில் சேர்க்க வேண்டும், வருகை ஒழுங்கு இல்லாமல் மதிப்பீடு முழுமையாகாது என்று காரணம் எழுதியிருந்தாள். இயக்குநர் ஒப்புதல் போட்டிருந்தார். மறைக்க வேண்டியவற்றின் பட்டியலில் விடுப்பு இல்லை. விடுப்புக்கான காரணத்தை விட்டுவிட்டு, எண்ணிக்கையை மட்டும் பூட்டக்கா சேர்த்தாள்.

இரண்டாவது பட்டியலில் பதினொரு குறியீடுகள் மாறியிருந்தன. அதுதான் கடைசி என்று ஒப்புதல் வருமுன்பே, அன்றைக்கு மதியமே பெயர்களோடு சேர்த்துப் பார்த்தாள். நாற்பத்தி ஏழாவது வரியில் குருவியின் கணவன். போன வருடம் முதுகுவலி என்று ஐந்து வாரம் படுத்திருக்கிறான்.

குருவியைக் கூப்பிட்டுக் காதோடு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்வது விதிமீறல். விதிக்காகத்தான் சும்மா இருக்கிறோம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் மூன்று பேர் எதிரில் தன்னைப் பற்றிப் பேசிய வாய் இப்போது தன் புருஷனையே வேலையைவிட்டு அனுப்புகிறது, அது அவளுக்கே தெரியவில்லை என்று நினைத்தபோது உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி ஓடியதை அவளால் மறுக்க முடியவில்லை. அடுத்த நாள் குருவியோடு சேர்ந்து உட்கார்ந்துதான் சாப்பிட்டாள்.

கடிதங்கள் போயின. குருவி ஒரு நாள் வரவில்லை. மறுநாள் வந்து, எப்போதும்போல வேலையைப் பார்த்தாள். கண் மட்டும் கொஞ்சம் வீங்கியிருந்தது. அலுவலகமே அவளைப் பார்த்து உச்சுக்கொட்டியது.

தொழிலாளர் பிரதிநிதி சண்டைக்கு வந்தபோது இயக்குநருக்கு அதுவே ஆயுதமாயிற்று. குருவியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, "இந்தப் பொண்ணுதான் சூத்திரம் எழுதினது. இவ வீட்டுக்காரரே லிஸ்ட்ல இருக்கார். இதுக்கு மேல என்னங்க சாட்சி வேணும்?" என்றார். பிரதிநிதி குருவியைப் பார்த்தார். குருவி தலையைக் குனிந்துகொண்டாள்.  மறைத்த பத்திகளை யாரும் தொடவில்லை என்று பதிவேட்டைப் பார்த்து ஓர் அறிக்கை மட்டும் கொடுங்கள் என்று சொல்லிவிட்டுப் பிரதிநிதி போனார்.

அறிக்கைக்காகப் பூட்டக்கா பதிவேட்டைத் திறந்தாள். குருவி அசல் அட்டவணையைத் தொட ஒரு முறை முயன்று, அனுமதி இல்லை என்று திரும்பியிருந்தாள். அது பெரிதில்லை, எல்லோரும் முதல் நாள் செய்து பார்ப்பதுதான். அதற்குப் பிறகு எல்லாம் வியூவின் மேல்தான். கீழே இறங்கிக்கொண்டே வந்தவளுக்கு ஓர் இடத்தில் விரல் நின்றது.

ஒரே ஒரு பிறந்த தேதியைக் கொடுத்து, அந்த வரியை மட்டும் காட்டச் சொல்லியிருந்தாள் குருவி. அந்தத் தேதியில் பிறந்தவர் கிடங்கில் ஒரே ஆள்தான். வரி வந்தால் குறியீடும் வந்துவிடும், அது பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். முதல் பட்டியலை அனுப்பிய அன்று ஒரு முறை. விடுப்புப் பத்தி சேர்ந்த அன்று ஒரு முறை. விடுப்புக்காகக் குறைக்கிற மதிப்பெண்ணை இருமடங்காக்கிவிட்டு மூன்றாவது முறை. அந்த மூன்றாவதுக்குப் பிறகு சூத்திரத்தில் கை வைக்கவில்லை. பட்டியல் இறுதியாகிவிட்டது.

யார் வேண்டுமானாலும் பெயரை மறைக்கலாம். தாலி கட்டினவனின் பிறந்த நாள் பெண்டாட்டிக்குத் தெரியாதா என்று யோசிக்காமல் போனோமே என்று தன்னையே நொந்துகொண்டாள்.

குருவியைப் படிக்கட்டுப் பக்கம் கூட்டிக்கொண்டு போய், மூன்று வரிகளையும் அச்செடுத்த தாளை நீட்டினாள். குருவி படித்துவிட்டு மடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

"ஒருத்தர் சம்பளம் போதும்னு சொன்னாங்க. சரின்னுட்டேன். யாரோடதுன்னு நான் முடிவு பண்ணினேன்" என்றாள்.

"அவரோட சேர்ந்து இன்னும் பத்து பேர் உள்ள வந்தாங்களே. அவங்க உனக்கு என்ன பண்ணாங்க?"

"அவங்க பேரு எனக்குத் தெரியாதேக்கா. நீங்கதானே மறைச்சீங்க."

 இதை அப்படியே மேலே கொடுத்துவிடுவேன் என்று சொல்லப் பூட்டக்கா வாயெடுத்தாள். குருவி முந்திக்கொண்டாள். "ரெண்டாவது லிஸ்ட் அனுப்பின மறுநாள் என்கூட உட்கார்ந்து சாப்பிட்டீங்க. என் முகத்தையே பார்த்துட்டு இருந்தீங்க. பேரைச் சேர்த்துப் பார்க்கற வேலை அப்ப உங்களுக்கு இல்ல. பதிவேட்டுல உங்க கேள்வியும் இருக்கும் இல்லையா? அதையும் சேர்த்துக் குடுங்க."

இருந்தது. அவள் கேள்வியும் நேரத்தோடு அதில் இருந்தது.

குருவி இரண்டு படி இறங்கிவிட்டுத் திரும்பினாள். "அவரு சம்பளம் எவ்வளவுக்கா? என்னைவிட ரெண்டு மடங்குன்னு சொல்லிட்டே இருந்தார்."

பதினான்கு வருடத்தில் செய்யாததைப் பூட்டக்கா அப்போது செய்தாள். "உன்னைவிடக் கம்மி" என்றாள். காயப்படுத்தத்தான் சொன்னாள். குருவி கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஓசையில்லாமல் சிரித்தாள். வெகுநேரம் சிரித்தாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

சூத்திரம் எழுதியவர் மறைக்கப்பட்ட பத்திகள் எதையும் பார்க்கவில்லை என்று பூட்டக்கா அறிக்கை எழுதினாள். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. இயக்குநர் கையெழுத்துப் போட்டார். பிரதிநிதி வாங்கிக்கொண்டார். அன்றைக்கே பூட்டக்கா வியூவைத் திருத்தி, பிறந்த தேதியை எடுத்துவிட்டு வயதுப் பிரிவை வைத்தாள். அறுபது பேரும் ஏற்கெனவே போய்விட்டிருந்தார்கள்.

அந்த வாரக் கடைசியில் கிடங்கில் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்த ஒரு பெண் வரவேற்பறையில் வந்து உட்கார்ந்துவிட்டாள். விவரம் சொல்லாமல் போக மாட்டாளாம். பக்குவமாகப் பேசுவாய் என்று இயக்குநர் பூட்டக்காவைத்தான் கீழே அனுப்பினார்.

அவள் முகத்தைப் பார்த்ததில்லையே தவிர அவளைப் பூட்டக்காவுக்குத் தெரியும். பட்டியல் மாறியபோது புதிதாக உள்ளே வந்த பதினொரு பேரில் ஒருத்தி. சிறுநீரகம் பழுதாகி, வாரம் இரண்டு முறை ரத்தம் சுத்தம் செய்துகொள்ள ஆஸ்பத்திரிக்குப் போகிறவள். விடுப்புக்கான காரணம் எழுதிய பத்தியில் அது இருந்தது, வியூவில் இல்லை. கையில் பெரிய பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. பன்னிரண்டு வருடம் வேலை பார்த்திருக்கிறாள்.

தண்ணீர் வாங்கிக் கொடுத்துவிட்டு, பூட்டக்கா மெதுவாக விளக்கினாள். கம்ப்யூட்டர் போட்ட கணக்கு என்றாள். கணக்குப் போட்டவர்களுக்குப் பெயர், சம்பளம், அடையாள எண் எதுவுமே தெரியாது, வெறும் குறியீடுதான் என்றாள். அந்தப் பெண் கவனமாகக் கேட்டுக்கொண்டாள்.

"அப்போ என் மேல யாருக்கும் கோபம் இல்லீங்களா?"

"இல்லம்மா."

"புது சூப்பர்வைசரை ஒரு தடவை எதிர்த்துப் பேசிட்டேன். அதனாலதானோன்னு பத்து நாளா தூக்கமே இல்ல. என் வாயாலதான் கெட்டேன்னு வீட்டுல எல்லாரும் ஏசுறாங்க."

"அதனால இல்ல. யாருக்கும் நீங்க யாருன்னே தெரியாது."

அந்தப் பெண்ணின் முகம் தெளிந்தது. இதைத் தெரிந்துகொள்ளத்தான் வந்தேன் என்றாள். பொறுமையாக உட்கார்ந்து சொன்னதற்காகப் பூட்டக்காவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். அவள் கை சில்லென்று இருந்தது. தம்ளரில் மிச்சமிருந்த தண்ணீரை அவள் குடிக்கவில்லை. இவ்வளவுதான் குடிக்கலாம் என்று டாக்டர் அளவு சொல்லியிருக்கிறாராம்.

கதவு வரைக்கும் போய் வழியனுப்பிவிட்டுப் பூட்டக்கா மேலே ஏறி வந்தாள். அடுத்த கிளைக்குப் பட்டியல் தயாரிக்க வேண்டும், வியூவுக்கு அனுமதி கொடுங்கள் என்று குருவியிடமிருந்து கோரிக்கை வந்திருந்தது. இயக்குநர் ஒப்புதல் போட்டிருந்தார். அவள் அனுமதி கொடுத்தாள்.