ரயிலை விட்டு இறங்கிய நிலா

அந்தக் கார்ட்டூன் ஸ்டுடியோவில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் அவர் அடுக்கண்ணன். ஓவியர்கள் தனித்தனியாக வரைந்து தரும் வேலி, மரம், வீடு, மலை, வானம் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி, ஒவ்வொரு அடுக்குக்கும் ஒரு வேகம் கொடுத்து நகர விடுவது அவர் வேலை. பன்னிரண்டு வருஷமாக அதைச் செய்கிறார். தப்பே வராது என்று ஊரெல்லாம் பேர். அந்தப் பேரைப் பரப்பியவரும் அவர்தான்.

அன்று சாயந்திரம் ஆறு மணிக்கு ஒரு இரண்டு நிமிஷப் படத்தின் வெள்ளோட்டம். 'ரயிலோடு ஏன் நிலாவும் வருகிறது?' என்று தலைப்பு. மறுநாள் காலை டிவிக்காரர்களிடம் ஒப்படைக்க வேண்டும். ஊழியர்களின் பிள்ளைகள் எட்டுப் பேரைத் தரையில் உட்கார வைத்திருந்தார்கள். முன்வரிசையில் அடுக்கண்ணனின் ஏழு வயது மகள் சிட்டு, கன்னத்தில் கை வைத்துக்கொண்டு.

விளக்கு அணைந்தது. திரையில் ரயில் ஜன்னலுக்கு வெளியே வேலி பறந்தது, மரங்கள் ஓடின, மலை மெல்ல நகர்ந்தது. பின்னணியில் ஒரு பெண் குரல் கொஞ்சியது: "பார்த்தீர்களா குழந்தைகளே! எல்லாம் பின்னால் போகிறது. நிலா மட்டும் நம் கூடவே வருகிறது!"

சரியாக அந்த நேரம் பார்த்து நிலா ஜன்னலின் ஓரத்துக்கு நகர்ந்தது. பாதி மறைந்தது. பிறகு மொத்தமாகக் காணாமல் போனது.

"ஐயய்யோ, நிலா இறங்கிடுச்சு!" என்று கத்தினாள் சிட்டு.

"அதோட ஸ்டேஷன் வந்துருச்சு போல" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். எட்டுப் பிள்ளைகளும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டார்கள். படத்தில் வரும் பெண் குரல் மட்டும் வெற்று வானத்தைக் காட்டி, "இன்னும் கூடவே வருகிறது!" என்று விடாமல் கொஞ்சிக்கொண்டிருந்தது.

இயக்குநர் அம்மா விளக்கைப் போட்டார். "அடுக்கண்ணே, என்ன இது?"

அடுக்கண்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது. அவர் எப்போதும் சத்தத்தை அணைத்துவிட்டுத்தான் வேலை செய்வார். அந்தக் குரல் என்ன சொல்கிறது என்று இன்றுதான் முதல் தடவையாகக் கேட்கிறார். ஆனால் ஒத்துக்கொள்ள மனசு வரவில்லை.

"என் கணக்கு சரிம்மா. பக்கத்துல இருக்கறது வேகமாப் போகும், தூரத்துல இருக்கறது மெதுவாப் போகும். வேலிக்கு முழு வேகம், மரத்துக்குப் பாதி, மலைக்கு அதுலயும் கொஞ்சம். நிலா மலைக்கும் பின்னாடி இருக்கு. அதனால மலைல பாதி வேகம். வேற என்ன செய்யணும்?"

பின்னணி வரையும் ஓவியப் பெண், "அண்ணே, நிஜத்துல நிலா அப்படிப் போறதில்லையே" என்றாள்.

"தூரம் ஜாஸ்தின்னா மெதுவாப் போகும். மெதுவாப் போறதுன்னா நிக்கறதுன்னு அர்த்தம் இல்லம்மா."

"அது என் காரோட வரும். தினம் பாக்கறேன்."

"உங்க காரோட எப்படி வரும்?" சிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டு எழுந்து நின்றாள். "அது எங்க காரோடதான் வரும்!"

ஓவியப் பெண் சிரித்துக்கொண்டே வாசலைக் காட்டினாள். "நிலா வந்தாச்சு. எங்க வீடு தெற்கே, உங்க வீடு வடக்கே. ரெண்டு பேரும் கிளம்புவோம். யார் கூட வருதுன்னு போன்ல சொல்லிக்கலாம்."

ஏழு மணி. கட்டடங்களுக்கு மேலே கிழக்கில் கிட்டத்தட்ட முழு நிலா நின்றது. இரண்டு கார்களும் வாசலில் இருந்து எதிரெதிர்த் திசையில் கிளம்பின. பின்சீட்டில் சிட்டு, மடியில் ஸ்பீக்கர் போட்ட போன்.

"அப்பா, வருது! நம்ம கூடத்தான் வருது! அக்கா, நிலா எங்க வலது ஜன்னல்ல இருக்கு. தோத்துட்டீங்க!"

போனில் சிரிப்பு. "அப்படியா? இங்கேயும் இடது ஜன்னல்ல வந்துட்டே இருக்கே."

சிட்டு போனை முறைத்தாள், நிலாவை முறைத்தாள். "பொய்!"

"சத்தியமா!"

சிட்டு முன்சீட்டுகளுக்கு நடுவே தலையை நீட்டினாள். "அப்பா, அவங்க அந்தப் பக்கம் போறாங்க, நாம இந்தப் பக்கம் போறோம். ஒரே நிலா எப்படிப்பா ரெண்டு பக்கமும் போகும்?"

அடுக்கண்ணன் வண்டியை ஓரம் கட்டினார். பன்னிரண்டு வருஷத்தில் அவர் மானிட்டரைப் பார்த்த அளவுக்கு வெளியே பார்த்ததில்லை.

"போகாது கண்ணு" என்றார். "அது யார் கூடவும் வரல. அது பாட்டுக்கு அங்கேயே இருக்கு."

"அப்ப ஏன் வர்ற மாதிரி இருக்கு?"

மறுபடி கிளப்பி, மெதுவாக ஓட்டினார். "தெருவிளக்கைப் பாரு. வந்ததும் தெரியல, போனதும் தெரியல. பக்கத்துல இருக்குல்ல, அதான். அந்தத் தண்ணி டேங்கைப் பாரு."

"அது மெதுவாப் போகுது."

"அதுக்கும் பின்னாடி, சிவப்பு லைட் மின்னுதே, டவர்."

"அது ரொம்ப சோம்பேறி."

"நிலா எவ்வளவு தூரம் தெரியுமா? மூணு லட்சத்து எண்பத்தி நாலாயிரம் கிலோமீட்டர். இந்தக் கார்ல ராத்திரி பகல்னு பாக்காம ஓட்டினாக்கூட ஒன்பது மாசம் ஆகும். அவ்வளவு தூரத்துல இருக்கறதுக்கு நாம போற ரெண்டு கிலோமீட்டர் ஒரு தூசு. நாம பாக்கற திசை துளிகூட மாறாது. மத்ததெல்லாம் பின்னாடி போகுது, இது மட்டும் போகல. அதனால நம்ம மூளை, 'சரி, இது கூடவே வருது போல'ன்னு தானா முடிவு பண்ணிக்குது."

கார் வளைவில் திரும்பியது. "அப்பா! இப்ப அது முன் கண்ணாடிக்கு ஓடிருச்சு!"

"ஓடினது நாமடி. நாமதான் திரும்பினோம்."

வீட்டுக்குப் போனதும் செருப்பைக்கூடக் கழற்றாமல் கால்குலேட்டரை எடுத்தார். தண்டவாளத்தில் இருந்து பத்து மீட்டர் தள்ளி இருக்கும் மரம் திரையில் நொடிக்கு நூறு புள்ளி நகர்ந்தால், நிலா எவ்வளவு நகர வேண்டும்? அழுத்தினார். நம்பாமல் மறுபடி அழுத்தினார். பிறகு இயக்குநர் அம்மாவுக்குப் போன் போட்டார்.

"அம்மா, ரயில் போறதால நிலா ஒரே ஒரு புள்ளி நகரணும்னாலும், நம்ம படத்தை நாலரை நாள் விடாம ஓட்டணும்."

"நமக்கு ரெண்டு நிமிஷம்தான் இருக்கு அண்ணே."

"அதான் நிறுத்தி வச்சுடறேன்." கொஞ்சம் தயங்கினார். "என் கணக்கு முறை தப்பில்லம்மா. தூரத்தைத்தான் கொஞ்சம் குறைச்சலா நினைச்சுட்டேன்."

"எவ்வளவு குறைச்சலா?"

"மலைக்கு ரெண்டு மடங்கு தூரத்துல வச்சுட்டேன்."

அந்தப் பக்கம் சிரிப்பு அடங்க ரொம்ப நேரம் ஆனது. அடுக்கண்ணனும் வேறு வழியில்லாமல் சேர்ந்து சிரித்தார்.

மறுநாள் காலை டிவி அதிகாரி வந்து படத்தைப் பார்த்தார். விடுமுறை என்பதால் சிட்டுவும் வந்திருந்தாள். வேலி பறந்தது, மரம் ஓடியது, மலை நகர்ந்தது, நிலா ஜன்னலின் நடுவில் அசையாமல் கூடவே வந்தது. படம் முடிந்ததும் அதிகாரி கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"எல்லாம் நகருது. நிலா மட்டும் ஹேங் ஆயிடுச்சா?"

அடுக்கண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு வாயைத் திறந்தார். அதற்குள் சிட்டு அதிகாரியின் நாற்காலியைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பிவிட்டாள்.

"மாமா, தெருவிளக்குல இருந்து ஆரம்பிக்கலாம்" என்றாள். "கவனமாக் கேளுங்க. எங்கப்பாவுக்கே லேட்டாத்தான் புரிஞ்சுது."

அதிகாரி இருபது நிமிஷம் உட்கார்ந்து கேட்டார். இரண்டு சந்தேகம் கேட்டார். கடைசியில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.