குடும்பத் தலைவரின் இரத்த அழுத்தம்

செவிலியர் கல்லூரி மூன்றாம் ஆண்டு, வயது இருபத்திரண்டு, இருப்பிடம் மாணவர் விடுதி இரண்டாம் மாடி. அறிக்கையின் முதல் பக்கத்தில் தன்னைப் பற்றி அவன் சொன்னது அவ்வளவுதான். கூட இருப்பவர்கள் அவனுக்கு வைத்திருந்த பெயர் பதட்டம். ஊர் விட்டு ஊர் வந்து படிக்கிறவன், எதற்கெடுத்தாலும் உள்ளங்கை வியர்க்கிறவன். அந்தப் பெயரை அறிக்கையில் எழுத முடியாது.

மாடிப்படியில் உட்கார்ந்து போனை வாய்க்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு அவன் சொல்லச் சொல்ல, போன் எழுத்தாக்கியது. எழுதுவதைவிட இது வேகம். இந்தப் பயிற்சிக்கு ஒரு குடும்பம், மூன்று வீட்டுப் பார்வை. யார் யார் இருக்கிறார்கள், என்ன வயது, என்ன நோய், எத்தனை ஜன்னல், தண்ணீர் எங்கிருந்து வருகிறது, குப்பை எங்கே போகிறது என்று எல்லாம் கேட்டு, பிரச்சினைகளை வரிசைப்படுத்தி, என்ன செய்தோம் என்று காட்ட வேண்டும்.

"குடும்பத் தலைவர். வயது அறுபத்தொன்று. இரவுக் காவலாளி. சர்க்கரை நோய், ஆறு வருடம். இரத்த அழுத்தம் நூற்று முப்பதுக்கு எண்பத்து நாலு."

இந்த இடத்தில் அவன் குரல் தானாகத் தாழ்ந்தது. அந்த அளவை அவன் எடுக்கவில்லை.

முதல் வீட்டுப் பார்வையில் பையிலிருந்து சோப்பை எடுத்துக் கை கழுவி, செய்தித்தாளை விரித்துக் கருவிகளை அடுக்கியபோது, அந்த வீட்டுக்கார அம்மா தையல் மெஷினை விட்டு எழுந்து வந்து விரலை உதட்டில் வைத்தாள்.

"மெதுவா தம்பி. ராத்திரி முழுக்க முழிச்சிட்டு இப்பதான் படுத்தார். எழுப்பினா என்னைத் தின்னுடுவார்."

ஒரே அறைதான். நடுவில் கயிறு கட்டிப் பூப்போட்ட திரை. அந்தப் பக்கம் கட்டில்.

"ஒரு நிமிஷம்மா. பிரஷர் மட்டும்..."

"எனக்குப் பாருங்க. நான் என்ன ஓடிப்போறேனா?"

பார்த்தான். அவளுக்கு எல்லாம் சரியாக இருந்தது. மகள் துணிக் கடையில் வேலை, காலையில் போனால் இரவுதான். வீட்டில் அவளும் திரைக்குப் பின்னால் இருப்பவரும்.

பதினோரு மணிக்குத் திரைக்குப் பின்னால் போன் அடித்தது. அலாரம். அந்த அம்மா ஒரு தம்ளர் தண்ணீரோடு உள்ளே போனாள். "எழுந்திருங்க. மாத்திரை. எத்தனை தடவை சொல்றது, ம்?" என்று கொஞ்சலாகத் திட்டுவது கேட்டது. காலித் தம்ளரோடு திரும்பி வந்தாள்.

"முழுங்கிட்டு மறுபடி படுத்துட்டார்," என்று சிரித்தாள். பிறகு அவர் பெயரிலிருந்த மஞ்சள் மருந்து அட்டையை நீட்டினாள். "இதுல ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க தம்பி. இங்க குடிவந்து ரெண்டு மாசமாச்சு, அவரால கிளினிக்குக்கு வர முடியல. வீட்டுல வந்து பார்த்த கணக்கு இல்லாம மாத்திரை தரமாட்டேங்கிறாங்க."

அது உண்மைதான். நேரில் வர முடியாதவருக்கு, வீட்டில் எடுத்த அளவு அட்டையில் இருந்தால் போதும். அவன் திரையைப் பார்த்தான். அந்தப் பக்கம் ஒரு மனிதர் மூச்சுவிட்டுக்கொண்டிருப்பது போலவே இருந்தது. வெளியே மழை வருகிற மாதிரி இருந்தது, மத்தியான வகுப்பு பாக்கி இருந்தது. பழைய பக்கத்திலிருந்த அளவுகளைப் பார்த்து, அதிலிருந்து நாலைந்து ஏற்றி இறக்கி எழுதினான். பிரஷர் நூற்று முப்பதுக்கு எண்பத்து நாலு. சர்க்கரை நூற்று நாற்பத்திரண்டு. தேதி. கையெழுத்து.

"நல்லா இருக்காரா?" என்று கேட்டாள், அவன்தான் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தது போல.

"நல்லா இருக்கார்மா."

அவள் முகம் மலர்ந்ததை அவன் பிறகு பல தடவை நினைத்துப் பார்க்க வேண்டியிருந்தது.

இரண்டாவது பார்வையில் அவள் மெலிந்திருந்தாள். ஊசியில் நூல் கோர்க்கக் கை நடுங்கியது, கழுத்தெல்லாம் வியர்வை. கண் இமையை இழுத்துப் பார்த்தான், வெளுத்திருந்தது. இரத்தசோகை என்று முடிவு கட்டி, கீரை சாப்பிடச் சொல்லிவிட்டு வந்தான். சர்க்கரை பார்க்கவில்லை. அவளுக்கு அந்த நோய் இல்லை, சோதனைக் குச்சிகளோ எண்ணிக் கொடுத்தவை. திரை மூடியே இருந்தது.

மூன்றாவது பார்வைக்கு முதல் நாள், பயிற்சியை மேற்பார்வையிடும் கிளினிக் சிஸ்டர் வரைவைப் புரட்டிவிட்டுக் கேட்டாள்.

"சர்க்கரைக்காரர்னு எழுதியிருக்கே. காலைப் பார்த்தியா?"

"காலா சிஸ்டர்?"

"காலுதாண்டா. பாதம். புண் இருக்கா, உணர்ச்சி இருக்கான்னு. இல்ல, தலையை மட்டும்தான் பார்த்தியா?"

தலையைக்கூடப் பார்க்கவில்லை என்று அவனால் சொல்ல முடியவில்லை. "நாளைக்குப் பார்த்துடறேன் சிஸ்டர்," என்றான்.

மறுநாள் அவன் போனபோது கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே அலாரம் அடித்துக்கொண்டிருந்தது. மணி பதினொன்றே கால். கூப்பிட்டுப் பார்த்துவிட்டு உள்ளே போனான். தையல் மெஷினுக்குக் கீழே அந்த அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ரவிக்கை நனைந்து ஒட்டியிருந்தது. கண் திறந்திருந்தது, பார்வை எங்கேயோ இருந்தது.

"எழுப்பாதீங்க," என்றாள், நாக்குக் குழற. "படுத்திருக்கார்."

"ஐயா! ஐயா, எழுந்திருங்க! அம்மாவுக்கு என்னமோ ஆயிடுச்சு!"

திரைக்குப் பின்னாலிருந்து அலாரம் மட்டும் பதில் சொன்னது. அவன் திரையை இழுத்தான்.

கட்டில் சுருக்கமில்லாமல் விரித்திருந்தது. அதன் மேல் இஸ்திரி போட்ட காக்கிச் சட்டையும் பேண்ட்டும், ஒரு ஆள் மல்லாந்து படுத்த நீளத்துக்கு, கைகள் பக்கத்துக்கொன்றாக நீட்டி வைக்கப்பட்டிருந்தன. தலையணையில் போன். பக்கத்து முக்காலியில் பிரித்த மாத்திரை அட்டை. ஆள் இல்லை. ஆள் படுத்த பள்ளம்கூட இல்லை.

இத்தனை நாள் அவன் யாருக்காகக் குரலைத் தாழ்த்திப் பேசினான்?

பிறகு மாத்திரை அட்டையின் பெயரைப் படித்தான். சர்க்கரையைக் குறைக்கிற மாத்திரை. ஒன்பது காலி. அந்த அம்மாவின் வியர்வை, நடுக்கம், மெலிவு எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக அவன் மேல் வந்து விழுந்தன. ஓடிவந்து அவள் விரலில் குத்தினான்.

சர்க்கரை நாற்பத்தொன்று. எழுபதுக்குக் கீழே போகக் கூடாது.

"அம்மா, என் பேச்சு கேக்குதா? விழுங்க முடியுமா?"

தலையாட்டினாள். அடுப்படியில் சர்க்கரை டப்பாவைத் தேடி எடுத்து, மூன்று ஸ்பூன் கரைத்து, சாய்த்துப் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினான். பக்கத்து வீட்டு ஆட்டோக்காரரைக் கத்திக் கூப்பிட்டான். கால் மணி நேரம் கழித்து மறுபடி குத்தினான். அறுபத்தாறு. மறுபடி சர்க்கரைத் தண்ணீர். எண்பத்தெட்டு வந்தபோது அவள் கண்ணுக்கு ஆள் தெரிந்தது.

"அவரைப் பார்த்துட்டீங்களா?" என்றாள்.

"எங்கம்மா அவர்?"

"நாலு மாசமாச்சு." அவள் திரையைப் பார்க்காமல் சொன்னாள். "அந்த ஊர்ல, கம்பெனி கேட்லயே விழுந்துட்டார். இந்த வீட்டுல அவர் காலே வெச்சதில்ல தம்பி. போன் அடிக்கும். அணைக்க மனசு வரல. அடிச்சா யாராவது முழுங்கணுமில்ல? மிச்சம் இருந்ததைப் பாதி பாதியா நானே போட்டுக்கிட்டேன். அப்புறம் நீங்க வந்தீங்க. நல்லா இருக்கார்னு எழுதிக் கொடுத்தீங்க. ஒரு மாசத்துக்கு முழுசாக் கொடுத்தாங்க."

அவன் மாத்திரை அட்டையை எடுத்துச் சட்டைப் பையில் போட்டான்.

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. அட்டையை மூடிடுவாங்க. அட்டை இருக்கிற வரைக்கும் இருக்கார்." பிறகு அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்களுக்கும் நல்லதில்லையே தம்பி."

கிளினிக்கில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். கடையிலிருந்து ஓடிவந்த மகள், "காலையில ஒண்ணும் சாப்பிடல சிஸ்டர், எப்பவும் இப்படித்தான், தான் பட்டினி கிடந்து ஊரைக் காப்பாத்தும்," என்று அழுகையும் எரிச்சலுமாகச் சொன்னாள். அம்மா கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

"பட்டினிதான்," என்றாள் சிஸ்டர். "பாட்டில் முடிஞ்சதும் கூட்டிட்டுப் போ. வயிறு நிறையச் சாப்பாடு போடு."

மாத்திரை அட்டை அவன் சட்டைப் பையில் இருந்தது. அந்த மாத்திரை உடம்பில் ஒரு நாளுக்கு மேலும் நிற்கும், பாட்டில் முடிந்த பிறகு சர்க்கரை மறுபடி இறங்கும் என்று மருந்தியல் தேர்வில் அவனே எழுதியிருக்கிறான். வீட்டுக்குப் போவாள், தூங்குவாள், மகள் தூக்கம் என்று நினைத்துக்கொள்வாள். பேசாமல் இருந்தால் அறிக்கை முடிந்துவிடும். கட்டிலில் மூடியிருந்த இமைகள் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"சிஸ்டர்," என்றான். "பட்டினி இல்ல."

மாத்திரை அட்டையை மேசையில் வைத்தான். எல்லாவற்றையும் சொன்னான். மகள், "அப்பா மாத்திரையா? அம்மா, அந்தக் கட்டில் சும்மா ஞாபகத்துக்குன்னுதானே சொன்னே?" என்று சுவரைப் பிடித்துக்கொண்டாள். சிஸ்டர் மஞ்சள் அட்டையை எடுத்து அவன் கையெழுத்தையே வெகுநேரம் பார்த்தாள்.

"செத்து மாசக்கணக்கான ஆளுக்கு நூற்று முப்பதுக்கு எண்பத்து நாலு," என்றாள். "நல்ல அளவுடா. எனக்கே அவ்வளவு நல்லா இல்ல." யாரும் சிரிக்கவில்லை. "பெரிய ஆஸ்பத்திரிக்கு வண்டி சொல்லு. ஒரு நாள் முழுக்க வெச்சுப் பார்க்கணும். போற வழியில விரல் குத்திக்கிட்டே போ. அப்புறம் உட்கார்ந்து எழுது. இந்தத் தடவை பார்த்ததை எழுது. உன்னைப் பத்தி நான் எழுத வேண்டியதை நான் எழுதிக்கறேன்."

வண்டியில் ஏற்றும்போது அந்த அம்மா அவனைப் பார்க்கவில்லை. "கொன்னுட்டீங்களே தம்பி, அவரை," என்று மட்டும் சொன்னாள்.

ஆஸ்பத்திரி நடையில், நாற்காலியில் உட்கார்ந்து, போனை வாய்க்குப் பக்கத்தில் பிடித்தான். பிறகு சொன்னான்.

"குடும்ப உறுப்பினர்கள் இருவர். தாய், வயது ஐம்பத்தேழு. மகள், வயது இருபத்தாறு. குடும்பத் தலைவர் நான்கு மாதத்துக்கு முன் இறந்துவிட்டார். அவர் பெயரில் அட்டையில் உள்ள இரத்த அழுத்தமும் சர்க்கரை அளவும் நான் எடுத்தவை அல்ல, நானே எழுதியவை. அவற்றை நம்பிக் கொடுத்த மாத்திரையைத் தாய் சாப்பிட்டார். முதல் பிரச்சினை: சர்க்கரை மிகவும் குறைந்து மயக்கம். இரண்டாம் பிரச்சினை: துக்கம், இதுவரை யாரும் கேட்காதது. செய்தது: அட்டையை மூடச் சொல்லியாயிற்று. மகளிடம் பேசியாயிற்று. செய்யாதது நிறைய.

இதைப் படிப்பவருக்கு: இந்தக் குடும்பத்துக்கு இனி நான் போக முடியாது. நீங்கள் போங்கள். மீதி மாத்திரை வீட்டில் எங்கேயும் இல்லை என்று உங்கள் கண்ணால் பாருங்கள். அந்த அம்மாவிடம் அவரைப் பற்றிக் கேளுங்கள், அம்மா சொல்லி முடிக்கும்வரை எழுந்திருக்காதீர்கள்."