ஈரக் கழிவு

தென்கொரியாவின் டேகு நகரில் சாயப்பட்டறைகளுக்குப் பின்னால் டக் யங்ரான் பழைய காகிதக் கடை திறந்தபோது முதலில் செய்தது, தராசின் எண்பலகையைத் தெருப்பக்கம் திருப்பி வைத்ததுதான். அட்டை கொண்டுவருபவர் தன் எடையைத் தானே படித்துக்கொள்ளலாம். கைவண்டியோடு தராசு மேடையில் ஏற்றி ஒருமுறை, இறக்கிய பின் வெறும் வண்டியை ஒருமுறை. எடையில் கழிவு கிடையாது என்று சுவரில் பெயின்டால் எழுதியும் வைத்தாள்.

கணவன் வேலையிழந்தபோது கிடைத்த பணம் முழுவதும் இடத்தின் முன்பணமாகவும் ஒரு பழைய லாரியாகவும் மாறியிருந்தது. கடை நிற்காவிட்டால் வேறு எதுவும் மிச்சமில்லை.

இரண்டு தெரு தள்ளி பியோவின் பழைய காகிதக் கடை. விலை இரண்டு இடத்திலும் ஒன்றுதான். ஆனால் பியோவின் தராசு கிலோவுக்கு நூறு கிராம் விழுங்கும் என்பது அட்டை பொறுக்கும் எல்லோருக்கும் தெரியும். ஒரு மாதத்திலேயே பாதி வண்டிகள் யங்ரானிடம் திரும்பின.

முதலில் வந்தவர் குக் பான்சிக். எழுபத்தைந்து வயது. பேருந்து ஓட்டியவர்.

"அறுபத்தி ரெண்டா? பியோகிட்ட போயிருந்தா அம்பத்தஞ்சுதான் காட்டும்."

"இருக்கறதத்தான் காட்டுது, ஐயா."

"ஏன் முதலாளியம்மா, உங்களுக்குத் தொழில் பண்ற எண்ணமே இல்லையா?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். யங்ரானும் சிரித்தாள்.

அக்டோபரில் ஒரு துளி மழை இல்லை. நிரம்பிய லாரியை, அட்டையை வாங்கி அழுத்திக் கட்டும் ஆலைக்கு ஓட்டிப் போனாள். எடைமேடையில் ஏற்றி இறக்கிய பின், பரிசோதகர் நீண்ட முள் கொண்ட ஈரமானியை அட்டைக் குவியலில் அங்கங்கே குத்தினார். பன்னிரண்டு சதவீதம் வரை ஆலை பொறுத்துக்கொள்ளும். மானி இருபத்தாறு காட்டியது. கூடுதல் ஈரத்துக்கு ஆலை எடையைக் கழித்தது. கழித்தபின் கிடைத்த தொகை, அவள் அட்டைக்குக் கொடுத்ததைவிடக் குறைவு.

"மழையே இல்லீங்களே," என்றாள்.

"மேல மழை இல்லம்மா. உள்ள பாட்டில் பாட்டிலா ஊத்தியிருக்காங்க. வெளி அட்டை காஞ்சு இருக்கும், நடுவுல நனைச்சு வச்சிருப்பாங்க. புதுக் கடையா?"

மறுநாள் பான்சிக்கிடம் நேராகவே கேட்டாள். அவர் மறைக்கவில்லை.

"எல்லாரும் ஊத்துறதுதான். பியோ தராசுக்கு அது தேவை. அவன் நூறு கிராம் எடுப்பான், நாங்க நூறு கிராம் ஊத்துவோம். கணக்கு நேராயிடும்."

"என் தராசு நேராத்தானே இருக்கு? என்கிட்ட ஏன்?"

அவர் கையுறையைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டார். "கை பழகிடுச்சு."

யங்ரான் ஈரமானி ஒன்று வாங்கினாள். ஆலையின் வழிமுறையையே பின்பற்றினாள்: ஐந்து இடங்களில் குத்துவாள், சராசரியைக் காட்டுவாள், பன்னிரண்டுக்கு மேற்பட்டதை மட்டும் கழிப்பாள். காய்ந்த அட்டைக்கு முழு விலை. இதைவிட நியாயமாக யாரும் எடைபோட முடியாது என்று அவள் நம்பினாள், அது உண்மையும்கூட.

பான்சிக்கின் வண்டியில் முள்ளைச் செருகியபோது வரிசை எட்டிப் பார்த்தது. இருபத்தொன்று.

"எல்லார் முன்னாடியும் என் வண்டியக் குத்திப் பாக்குறீங்க," என்றார் அவர்.

"எல்லாருக்கும்தான் குத்துறேன், ஐயா."

"முப்பது வருசம் பஸ் ஓட்டினேன். காசு எடுத்துட்டேனான்னு ஒருத்தரும் என் பையைத் திறந்து பாத்ததில்ல."

"பியோ உங்க எடையைத் திருடுறானே, அது பரவாயில்லையா?"

"திருடுறான். ஆனா என்னைத் திருடன்னு சொல்றதில்ல."

அட்டையை மறுபடி வண்டியில் அடுக்கத் தொடங்கினார். முதுகு வளைந்த ஒரு பெண் அவருக்குக் கயிறு கட்டிக் கொடுத்தாள். அன்று மாலைக்குள் வரிசையே இல்லாமல் போயிற்று. நனைக்காமல் கொண்டுவந்த இரண்டு பேரும் போய்விட்டார்கள். தங்களை விட்டுவிட்டு மற்றவர்களைக் குத்தியிருந்தால் இருந்திருப்பார்களோ என்னவோ. அவர்களையும் அல்லவா குத்தினாள்.

மூன்று வாரம் லாரி நகரவில்லை. இடத்துக்காரர் வாடகைக்கு இரண்டு முறை போன் செய்தார். கணவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

ஒரு ஞாயிறு கடையைச் சாத்திவிட்டு எண்பலகையின் பின்மூடியைத் திறந்தாள். அரசு முத்திரைச் சீட்டைப் பிய்த்தாள். மேடையில் இருபது கிலோ எடைக்கல்லை வைத்து, பொத்தான்களை அழுத்தி, இது பதினெட்டு என்று இயந்திரத்துக்குச் சொன்னாள். அது மறுக்காமல் ஏற்றுக்கொண்டது. ஈரமானியை மேசை இழுப்பறைக்குள் தள்ளினாள்.

பியோவிடம் வழக்கம்போல ஏச்சு வாங்கிய ஒருத்தி புதன்கிழமை எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். வெள்ளிக்கிழமை பான்சிக் வந்தார். வண்டியை மேடையில் ஏற்றி, முள் வருகிறதா என்று அவள் கையைப் பார்த்தார். வரவில்லை. எண்ணைப் பார்த்தார். வண்டியின் பாரம் அவர் தோளுக்குத் தெரியும்.

"குறையுதே," என்றார், மெதுவாக.

யங்ரான் தலையைத் தூக்கவில்லை. "இருக்கறதத்தான் காட்டுது, ஐயா."

அவர் எண்ணை இன்னொரு முறை பார்த்தார். பிறகு முகம் தெளிந்தது. பணத்தை வாங்கி எண்ணாமல் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"இப்பத்தான் கடை மாதிரி இருக்கு, முதலாளியம்மா. நாளைக்கு நம்ம ஆளுங்களையும் வரச் சொல்றேன்."