பூஜ்ஜியத்தின் ஓரம்

காலாப்பட்டுப் பல்கலைக்கழகத்தில் கணிதத் துறையின் நடைபாதையில் போட்டிருந்த இரும்பு நாற்காலிகளில் சிவசங்கரியும் கிளாட்வினும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். முனைவர் பட்டத்துக்கு உதவித்தொகையோடு இருந்தது ஒரே இடம். எம்.எஸ்ஸி. ஒரே வகுப்பில் படித்த இருவருக்கும் நேர்காணல் ஒரே நாளில். பெயர் வரிசைப்படி கிளாட்வின் முன்னால், சங்கரி அவனுக்கு அடுத்து.

அவளுக்கு இது கடைசி வாய்ப்பு. தகுதித் தேர்வின் மதிப்பெண் இந்த வருடத்தோடு செல்லாமல் போகும். திரும்ப எழுதலாம்தான். ஆனால் சேதராப்பட்டில் மாத்திரை அட்டைகளைப் பெட்டியில் அடுக்கும் வேலையில், ஷிப்டு முழுக்க நின்றுகொண்டே போன பிறகு, எழுதுவதற்குப் படிக்க எங்கே நேரம்? இந்த ஒரு நாள் லீவுக்கே சூப்பர்வைசர் முகத்தைச் சுளித்தார். அம்மா செல்வாம்பாள் சித்தாள் வேலைக்குப் போகிறவள். முட்டி வீங்கிப்போய்ச் சாரத்தில் ஏற முடியாமல் மூன்று மாதமாக வீட்டில் கிடக்கிறாள். உதவித்தொகை வந்தால் சங்கரி கம்பெனியை விட்டுவிடலாம். வராவிட்டால் விட முடியாது. அவ்வளவுதான் கணக்கு.

கிளாட்வின் உள்ளே போய் வெகுநேரம் கழித்து வந்தான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. காத்திருந்தவர்கள் எல்லோரும் எழுந்து அவனைச் சூழ்ந்துகொண்டார்கள். வெளியே வருகிறவனிடம் என்ன கேட்டார்கள் என்று கேட்பதும், அவன் சொல்வதும் எந்த நேர்காணலிலும் நடப்பதுதான். யாரும் அதைத் தப்பு என்று நினைப்பதில்லை.

“உன் குழியத்தான் கேட்டாங்க சங்கரி,” என்றான் கிளாட்வின், சிரித்துக்கொண்டே. “அந்த ஃபாக்டோரியல் கணக்கு. நான் உள்ள விழுந்துட்டேன்.”

அது பழைய கணக்கு. ஒன்றிலிருந்து n வரை உள்ள எண்களைப் பெருக்கி, அதன் n-ஆவது மூலத்தை எடுத்து, n-ஆல் வகுக்க வேண்டும். n பெரிதாகிக்கொண்டே போனால் அந்த விடை எதை நெருங்கும்? கல்லூரியில் ஒரே மூச்சில் சொல்லிக்கொடுத்தார்கள். லாக் எடு. பெருக்கல் கூட்டலாகும். n-ஐயும் உள்ளே தள்ளினால் ஒவ்வொரு உறுப்பும் k-ஆவது எண்ணை n-ஆல் வகுத்ததன் லாக், மொத்தத்தையும் n-ஆல் வகுத்தது. அதாவது பூஜ்ஜியத்திலிருந்து ஒன்று வரை லாக் கோட்டை ஒட்டி நிற்கும் மெல்லிய பட்டைகளின் கூட்டல். பட்டைகள் மெலிய மெலியக் கூட்டல் தொகையீடு ஆகும். தொகையீட்டின் மதிப்பு மைனஸ் ஒன்று. லாக்கை எடுத்துவிட்டால் விடை e-யில் ஒரு பங்கு. வகுப்பு முழுக்க அதை மனப்பாடம் செய்து மார்க் வாங்கியது.

சங்கரி மட்டும் ஒரு இடத்தில் நின்றுவிட்டாள். கூட்டல் தொகையீடாகும் என்ற விதி, கோடு எல்லைக்குள் அடங்கி இருந்தால்தான் பொருந்தும். லாக் கோடு பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் அடியே இல்லாத குழிபோலக் கீழே இறங்குகிறது. அங்கே விதி எப்படிப் பொருந்தும்? கிளாட்வினிடம் கேட்டபோது, பூஜ்ஜியத்துகிட்டப் போகாத, ஷாக்கடிக்கும் என்றான். அதன்பிறகு அவளைக் குழிக்காரி என்றே கூப்பிட்டான்.

கம்பெனி பஸ்ஸில் போய்வரும்போதுதான் அது பிடிபட்டது. லாக் கோடு இடமிருந்து வலம் ஏறிக்கொண்டே போவது. அதனால் ஒவ்வொரு பட்டையும் தனக்கு இடப்பக்கத்துப் பரப்புக்குக் கீழே போகாது, வலப்பக்கத்துப் பரப்புக்கு மேலேயும் போகாது. மொத்தக் கூட்டல் மைனஸ் ஒன்றுக்குக் கீழே இறங்க முடியாது. மேலே எவ்வளவு போகலாம் என்றால், மைனஸ் ஒன்றோடு n-ல் ஒரு பங்கும், லாக் n-ஐ n-ஆல் வகுத்ததும் சேர்ந்த அளவு. அந்த இரண்டு மிச்சமும் n வளர வளரத் தேய்ந்துவிடும். குழி ஆழம்தான், ஆனால் அவ்வளவு ஒடுக்கமாக இருப்பதால் அதில் கொள்ளும் அளவு ஒன்றுமில்லை. அன்று அவள் இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்த் திரும்பி நடந்தாள்.

பெயர் கூப்பிட்டதும் உள்ளே போனாள். மூன்று பேர் இருந்தார்கள். துறையைச் சேர்ந்த நிர்மலா மேடம், இளைய பேராசிரியர் ஒருவர், நடுவில் வெளியூரிலிருந்து வந்திருந்த தலைவர். தலைவர் அதே கணக்கைச் சொல்ல ஆரம்பித்தார். அவர் முடிப்பதற்குள் சங்கரி சாக்பீஸை எடுத்துவிட்டாள். லாக் எடுத்தாள், கூட்டல் ஆக்கினாள், கோட்டை வரைந்தாள். யாரும் கேட்காமலே பூஜ்ஜியத்தின் ஓரத்துக்குப் போய்ப் பட்டைகளை இரண்டு பக்கமும் பிடித்து நிறுத்தினாள். கை நிற்கவே இல்லை. இத்தனை மாதம் யாரும் காது கொடுத்துக் கேட்காததை அவள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

எழுதி முடித்துத் திரும்பியபோது தலைவர் நாற்காலியில் சாய்ந்திருந்தார்.

“நாங்க என்ன கேட்டோம்னு வெளியில சொன்னாங்களா?”

பொய் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. “சொன்னாங்க சார்.”

“அதான பாத்தேன்.”

“எனக்கு முன்னாடியே தெரியும் சார். நானாத்தான் போட்டேன்.”

“எல்லாரும் அப்படித்தாம்மா சொல்லுவாங்க,” என்றார் அவர். கோபமே இல்லாமல் சொன்னார். எழுந்து வந்து பலகையைத் தானே துடைத்தார். பிறகு வேறு கேள்வி கேட்டார். புள்ளிக்குப் புள்ளி நெருங்கி, சீராக நெருங்காத சார்புத் தொடர்வரிசை ஒன்று சொல்.

முதல் வருடத்துப் பிள்ளைக்கும் தெரியும். x-ன் n-ஆவது அடுக்கு, பூஜ்ஜியத்திலிருந்து ஒன்று வரை. சங்கரியின் கண் துடைத்த பலகையின் வெள்ளைப் புகையில் இருந்தது. பூஜ்ஜியத்திலிருந்து பாதி வரை என்று சொன்னாள். பாதி வரை எடுத்தால் அது சீராகவே நெருங்கும். இளைய பேராசிரியர் ஏதோ குறித்துக்கொண்டார். பையை எடுக்கும்போதுதான் அவளுக்கு உறைத்தது. அதற்குள் அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

சாயங்காலம் பட்டியல் ஒட்டினார்கள். கிளாட்வின் பெயர் இருந்தது. காத்திருப்புப் பட்டியலில் காரைக்கால் பையன் ஒருவன். சங்கரியின் பெயர் எங்கேயும் இல்லை.

உள்ளே என்ன நடந்தது என்று அப்போதுதான் கிளாட்வினிடம் சொன்னாள். அவன் நேரே நிர்மலா மேடத்தின் அறைக்குப் போனான். கணக்கு அவளுடையதுதான், ஒரு வருடமாக என்னிடமே சொல்லிக்கொண்டிருந்தாள், நான்தான் கேட்கவில்லை என்று அவரிடம் சொன்னான். மேடம் பொறுமையாகக் கேட்டார். தலைவர் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சென்னைக்குக் கிளம்பிவிட்டார், இனி ஒன்றும் செய்ய முடியாது என்றார். அந்தப் பெண் நன்றாகத்தான் எழுதினாள், கொஞ்சம் தடுமாறி எழுதியிருந்தால் நம்பியிருப்பார்கள் என்றும் சொன்னார்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் டவுன் பஸ்ஸுக்கு நின்றார்கள். சென்னைப் பஸ்கள் புழுதி கிளப்பிக்கொண்டு போயின. கிளாட்வின் தலையை நிமிர்த்தவே இல்லை.

“நான் சேரமாட்டேன் சங்கரி.”

“சேராட்டி அந்தக் காரைக்கால் பையனுக்குப் போவும். எனக்கு வராது. லூசு மாரி பேசாத.”

“வாய வெச்சிக்கினு சும்மா இருந்திருக்கணும் நான்.”

“நீ சொல்லாட்டியும் அதத்தான்டா எழுதியிருப்பேன்.” பஸ் வருகிறதா என்று பார்த்துவிட்டுக் கேட்டாள்: “பூஜ்ஜியத்துகிட்ட என்னா ஆவும்னு கேட்டதுக்கு நீ என்னா சொன்ன?”

“தெரியல சார்னேன்.”

“அப்புறம்?”

“நேர்மையா சொன்னப்பான்னு சொன்னாரு.”

அவள் தலையை ஆட்டினாள். “நானும் நேர்மையாத்தான் சொன்னேன்.”

பஸ் வந்தது. கூட்டம். அவளுக்கு மட்டும் உட்கார இடம் கிடைத்தது. கிளாட்வின் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவளுக்கு முதுகைக் காட்டி நின்றான். முத்தியால்பேட்டையில் அவள் இறங்கியபோது வரேன் என்று சொன்னாள். அவனுக்குக் கேட்டதா என்று தெரியவில்லை.

அம்மா கால் நீட்டிச் சுவரில் சாய்ந்திருந்தாள். முகத்தைப் பார்த்ததுமே தெரிந்திருக்க வேண்டும், இருந்தாலும் என்ன ஆச்சு என்று கேட்டாள். கெடைக்கலம்மா என்றாள் சங்கரி. கணக்கு தெரியாமப் போச்சா என்று அம்மா கேட்டாள்.

சங்கரி முட்டிக்குத் தைலம் தேய்க்க உட்கார்ந்தாள். வீக்கம் நேற்றைவிட அதிகமாக இருந்தது. ஆமாம் என்று சொன்னால் அம்மாவுக்குப் புரியும், இன்னும் நல்லாப் படி என்று சொல்லிவிட்டுத் தூங்கிவிடுவாள். தெரியும் என்று சொன்னால், அப்புறம் ஏன் கிடைக்கவில்லை என்று விடிய விடியக் கேட்டுக்கொண்டிருப்பாள்.

“ஆமாம்மா,” என்றாள். “தெரியல.”